கோழி நெஞ்சுத்துண்டு ஓவனில் காய்ந்துபோகிறதா? குறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

எலும்பும் தோலும் நீக்கிய புறொய்லர் நெஞ்சுத்துண்டில் கொழுப்பு மிகக் குறைவு. தொடை இறைச்சி பத்து நிமிடம் கூடுதலாக வெந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நெஞ்சுத்துண்டு மூன்று நிமிடம்கூடப் பொறுக்காது. அதனால் குறை எங்கே என்று தேடும்போது மசாலாவையோ கோழியையோ குற்றம் சொல்வதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: துண்டின் தடிப்பு, ஓவனின் உண்மையான சூடு, துண்டின் நடுவில் இருக்கும் சூடு. கீழே சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும்.

முதலில் சரியான முறையைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு துண்டுகள், சேர்ந்து 500 கிராம் அளவில் எடுங்கள். தடித்த பகுதியைத் தட்டி எல்லா இடமும் 2.5 சென்ரிமீற்றர் ஆக்குங்கள். ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பை இரண்டு பக்கமும் தூவி, மூடி, பிரிட்ஜில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். பிறகு ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள் பூசுங்கள். ஓவனை 220 பாகை செல்சியஸில் முழுதாகச் சூடேற்றி, நடுத்தட்டில் வைத்து, 15ஆவது நிமிடத்தில் முதல் தடவை பாருங்கள். நடுவில் 70 அல்லது 71 பாகை வந்ததும் வெளியே எடுத்து, ஆறேழு நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். மின்விசிறி உள்ள ஓவன் என்றால் 200 பாகை போதும்.

மெல்லிய நுனி காய்ந்து நாராகிறது, தடித்த பக்கம் இன்னும் வேகவில்லை

அதிகம் நடக்கும் குறை இதுதான், இதை நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய முடியாது. கோழிக்கடையில் வாங்கும் 280 கிராம் துண்டு ஒன்றை வெட்டுப்பலகையில் வைத்து அளந்து பாருங்கள். தோள் பக்கம் 4 சென்ரிமீற்றர் இருக்கும், நுனி ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டாது. சூடு வெளியிலிருந்து நடுவை நோக்கி மெதுவாகத்தான் போகும். அதனால் தடிப்பு இரண்டு மடங்கானால் வேகும் நேரம் இரண்டு மடங்கையும் தாண்டும். 4 சென்ரிமீற்றர் பகுதியின் நடு 70 பாகைக்கு வர அரை மணி நேரம் ஆகும்போது, அந்த நுனி 9 நிமிடத்துக்குள்ளேயே வெந்து முடிந்திருக்கும். மிச்ச நேரம் முழுவதும் அது காய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

தட்டிச் சமப்படுத்துவதே தீர்வு. துண்டை ஒரு தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டு, தோள் பக்கத்தை மட்டும் உருளைக்கட்டையால் அல்லது அம்மிக் குழவியால் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், நார் பிய்ந்தால் அங்கேதான் முதலில் நீர் வெளியேறும். குழவியின் கனமே போதும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுவது போலத் தட்டினால் ஒரு நிமிடத்தில் 2.5 சென்ரிமீற்றருக்கு வந்துவிடும். 300 கிராமுக்கு மேல் உள்ள துண்டு தட்டுவதற்கு அடங்காது. அதைக் கத்தியைப் படுக்கையாகப் பிடித்து இரண்டு தகடாகப் பிளப்பதே நல்லது. நுனி மிகவும் மெல்லியதாக இருந்தால் அதை அடியில் மடித்து வைக்கலாம்.

தடிப்பு சமமான பிறகுதான் நேரக்கணக்குக்கு அர்த்தம் வருகிறது. 220 பாகையில், பிரிட்ஜிலிருந்து எடுத்து 15 நிமிடம் வெளியில் இருந்த துண்டுக்கு ஏறத்தாழ இவ்வளவு பிடிக்கும்:

1.5 சென்ரிமீற்றர்: 9 முதல் 11 நிமிடம்
2 சென்ரிமீற்றர்: 12 முதல் 14 நிமிடம்
2.5 சென்ரிமீற்றர்: 15 முதல் 18 நிமிடம்
3 சென்ரிமீற்றர்: 20 முதல் 22 நிமிடம்
4 சென்ரிமீற்றர்: 28 முதல் 32 நிமிடம்

200 பாகையில் வைத்தால் ஒவ்வொன்றிலும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கூடும். முதலில் உள்ள எண் வெளியே எடுக்கும் நேரம் இல்லை, பார்க்கத் தொடங்கும் நேரம். நிறையைப் பார்த்து நேரம் சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம். 200 கிராம் துண்டு அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கலாம், குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கலாம். அந்த இரண்டுக்கும் இடையில் எட்டு நிமிட வித்தியாசம் வரும்.

துண்டு முழுவதும் ஒரே மாதிரி காய்ந்து, வாயில் மாவு போல உதிர்கிறது

தடிப்பு சமமாக இருந்தும் இப்படி வந்தால், நடுச்சூடு எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். இறைச்சிப் புரதங்கள் ஏறத்தாழ 50 பாகையில் இறுகத் தொடங்குகின்றன. 60 பாகையைத் தாண்டும்போது நார்களைச் சுற்றியுள்ள உறை சுருங்கி நீரை வெளியே தள்ளுகிறது. 66க்கும் 73க்கும் இடையில் இன்னொரு புரதமும் இறுக, இழப்பு வேகமாகிறது. 80 பாகை வந்துவிட்டால் உள்ளே பிடித்து வைக்கும் அளவுக்கு நீர் மிஞ்சாது. எண்ணெயையோ குழம்பையோ மேலே ஊற்றினாலும் அது மேலோடு நின்றுவிடும், நாருக்குள் திரும்பப் போகாது.

உணவுப் பாதுகாப்புக்கு அமெரிக்க வேளாண்மைத் திணைக்களம் போன்ற அமைப்புகள் கோழிக்குச் சொல்லும் நடுச்சூடு 74 பாகை. அந்த எண்ணை ஓவனுக்குள்ளேயே எட்ட வைப்பதுதான் பலர் செய்யும் பிழை. 220 பாகை ஓவனிலிருந்து வரும் துண்டின் வெளிப்பக்கம் நடுவைவிட அதிகச் சூட்டில் இருக்கும். வெளியே எடுத்த பிறகும் அந்தச் சூடு உள்ளே நகரும். 2.5 சென்ரிமீற்றர் துண்டில் மூன்று, நான்கு பாகை ஏறும், 1.5 சென்ரிமீற்றரில் ஒன்றோ இரண்டோதான் ஏறும். ஆகவே தடிப்பான துண்டை 70, 71இலும், மெல்லியதை 72இலும் எடுங்கள். வெப்பமானியைக் குத்தியபடியே விட்டு 74 வருவதைக் கண்ணால் பாருங்கள். வரவில்லை என்றால் இரண்டு நிமிடம் மீண்டும் ஓவனுக்குள் வையுங்கள். சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடும் வீட்டில் இந்த 74ஐ உறுதிப்படுத்தாமல் பரிமாற வேண்டாம்.

வெப்பமானியின் ஊசியை மேலிருந்து குத்தினால் நுனி தட்டைத் தொட்டுப் பிழையான எண்ணைக் காட்டும். பக்கவாட்டிலிருந்து, தடித்த இடத்தின் நடுவுக்குப் போகுமாறு குத்துங்கள். மெதுவாக இழுக்கும்போது எண் குறைந்து குறைந்து திரும்ப ஏறினால், மிகக் குறைந்த எண்தான் உண்மையான நடு. வெப்பமானி சரியா என்று பார்க்க, ஒரு கோப்பை நிறைய ஐஸ்கட்டி போட்டு இடைவெளி நிரம்பத் தண்ணீர் விட்டு, கலக்கி, ஊசியை வையுங்கள். 0 பாகை காட்ட வேண்டும். இரண்டு பாகை கூட்டிக் காட்டினால் அந்த இரண்டைக் கழித்துக் கணக்கிடுங்கள்.

வெப்பமானி இல்லாத வீட்டில் துண்டை 2 சென்ரிமீற்றராகத் தட்டி, 14ஆவது நிமிடத்தில் மிகத் தடித்த இடத்தை வெட்டிப் பார்க்கலாம். உள்ளே கண்ணாடி போன்ற பளபளப்பு எங்கும் இருக்கக் கூடாது, நார் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும். நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நன்றாக வெந்த இறைச்சியிலும் சிலவேளை இளஞ்சிவப்பு நிற்கும், வெள்ளையாகத் தெரிவதிலும் நடு வேகாமல் இருக்கலாம். அதனால் இந்த முறையில் இரண்டு நிமிடம் கூடுதலாக விடுவதே பாதுகாப்பு. கொஞ்சம் ஈரம் குறையும், அதை உப்பு ஓரளவு ஈடுசெய்யும்.

உப்பின் வேலை சுவையோடு நின்றுவிடுவதில்லை. அது நாரில் உள்ள புரதத்தின் ஒரு பகுதியைக் கரைத்து இளக்குகிறது, அப்படி இளகிய நார் சூட்டில் குறைவாகவே சுருங்கும். அதற்கு நேரம் வேண்டும். வைப்பதற்கு ஐந்து நிமிடம் முன் தூவும் உப்பு மேலிருந்து நீரை இழுத்து வெளியே விட்டுவிடும், அது திரும்ப உள்ளே போக 40 நிமிடமாவது பிடிக்கும். ஆகவே ஒன்று ஒரு மணி நேரத்துக்கு முன் தூவுங்கள், அல்லது வைக்கும் அந்தக் கணத்தில் தூவுங்கள். இடைப்பட்ட நேரம்தான் மோசமானது. உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதானால் ஒரு லீற்றருக்கு 50 கிராம் உப்பு, பிரிட்ஜுக்குள் ஒரு மணி நேரம், அதன் பிறகு மேலே வேறு உப்பு வேண்டாம்.

குறிப்பில் சொன்ன நேரம் முடிந்தும் நடு வேகவில்லை

துண்டைச் சரியாக அளந்திருந்தால் இங்கே சந்தேகம் ஓவன் மீது விழ வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் மேசை மேல் வைக்கும் சிறிய மின் ஓவன்கள். அவற்றின் சுழற்றியில் 220 என்று இருப்பதால் உள்ளே 220 இருக்கும் என்று சொல்ல முடியாது. 20, 30 பாகை கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம்.

இதற்கு மேல் மின்னழுத்தம் இருக்கிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்பாவனை உச்சத்தில் இருக்கும். வழித்தடத்தின் கடைக்கோடியில் உள்ள வீடுகளுக்கு அப்போது 230 வோல்ற் முழுதாக வந்து சேராது. சூடேற்றும் கம்பி தரும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைகிறது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் வெப்பம் கால்வாசி குறைந்துவிடும். 1500 வாற் ஓவன் 1130 வாற் அளவில்தான் வேலை செய்யும்.

இதைக் கண்டுபிடிக்க மீற்றர் தேவையில்லை, ஓவனின் சிறு விளக்கைப் பாருங்கள். சொன்ன சூடு வந்ததும் அந்த விளக்கு அணைந்து, சூடு குறையும்போது மீண்டும் எரிய வேண்டும். 25 நிமிடம் ஆகியும் ஒரு தடவைகூட அணையவில்லை என்றால் உங்கள் ஓவனால் அந்தச் சூட்டை எட்ட முடியவில்லை. அப்போது சுழற்றியை 200க்கு இறக்கி, விளக்கு அணைந்த பிறகு துண்டை வைத்து, 200 பாகைக்குரிய நேரத்தைப் பிடியுங்கள். எட்டாத 220ஐ விட உறுதியாக நிற்கும் 200 நல்லது, ஏனென்றால் நேரக்கணக்கு அப்போதுதான் கைக்குள் இருக்கும். முடிந்தால் பிற்பகலிலேயே சமைத்துவிடுங்கள்.

விளக்கு சரியாக அணைந்தாலும் சுழற்றி பொய் சொல்லலாம். ஓவனுக்கான தனி வெப்பமானி இல்லையென்றால் சீனியால் பார்க்கலாம். சீனி 186 பாகை அளவில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி சீனியை வைத்து, 175இல் சூடேறிய ஓவனில் 15 நிமிடம் விடுங்கள். உருகினால் ஓவன் கூடுதலாகச் சூடாகிறது. புதுச் சீனி வைத்து 195இல் 15 நிமிடம் விடுங்கள். உருகாவிட்டால் குறைவாகச் சூடாகிறது. இதனால் துல்லியமான எண் கிடைக்காது, சுழற்றியை எந்தப் பக்கம் திருத்துவது என்பது தெரிந்துவிடும்.

ஓவனில் பிழை இல்லையென்றால் இறைச்சி உள்ளே உறைந்திருந்ததா என்று பாருங்கள். வெளியே இளகியும் நடுவில் ஐஸ் ஊசிகள் இருக்கும் துண்டு எட்டுப் பத்து நிமிடம் கூடுதலாகக் கேட்கும், அதற்குள் வெளிப்பக்கம் காய்ந்துவிடும். முதல் நாள் இரவே பிரீசரிலிருந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். அவசரமானால் இறுக மூடிய பையோடு தண்ணீரில் அமிழ்த்தலாம், ஆனால் நமது குழாய்த் தண்ணீர் குளிர்ந்ததல்ல. ஐஸ் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். 500 கிராமுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். சமையலறை மேடையில் வெறுமனே வைத்து இளக்குவதை அடியோடு விட்டுவிட வேண்டும், சித்திரை வெயிலில் மேற்பரப்பு கிருமிகளுக்கு ஏற்ற சூட்டுக்கு வெகு விரைவில் வந்துவிடும்.

வேகும் நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குள் வந்தால் தொடரலாம். வராவிட்டால் துண்டை எடுத்து, மூடி உள்ள தாச்சியில் கொஞ்சம் எண்ணெயோடு காஸ் அடுப்பில், மெல்லிய தீயில் முடித்துவிடுங்கள். அரைவேக்காட்டில் நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் தொடங்குவது ஆபத்து.

தட்டில் தண்ணீர் தேங்கி, மேலே நிறமில்லாமல் வெளிறி இருக்கிறது

ஈரமான மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது, நிறம் பிடிக்க அதைவிட நிறையச் சூடு வேண்டும். எனவே ஓவன் முதலில் அந்த ஈரத்தை ஆவியாக்கவே நேரத்தைச் செலவழிக்கிறது. மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் விட்டுக் கழுவி, சொட்டச் சொட்ட மசாலா பூசி வைத்தால் அது அவியல்தான். கழுவும்போது தெறிக்கும் நீர் கிருமியைப் பரப்பும், கழுவாமல் விடுவதே நல்லது. கழுவியே பழகியவர்கள் சமையலறைத் தாளால் இரண்டு தடவை அழுத்தி ஒற்றுங்கள்.

எருமைத் தயிரில் ஊறவைப்பது நமது பக்கத்தில் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் வைக்கும்போது தயிரை விரலால் வழித்து எடுத்து, மெல்லிய பூச்சு மட்டும் விடுங்கள். தேசிக்காய்ச் சாற்றில் அரை மணிக்கு மேல் ஊறவிட்டால் மேற்பரப்பு புளிப்பிலேயே வெந்து சுண்ணாம்பு போல ஆகிவிடும். சாற்றைக் கடைசியில், வெட்டிய பிறகு பிழிவது மேல்.

துண்டுகளுக்கு இடையில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். தட்டின் விளிம்பு உயரமாக இருந்தால் ஆவி வெளியேறாமல் சுற்றிக்கொண்டே நிற்கும், விளிம்பு குறைந்த தட்டைப் பயன்படுத்துங்கள். நிறம் இன்னும் வேண்டுமானால் நடுச்சூடு 66 வரும்போது மேல்கம்பியை மட்டும் இரண்டு நிமிடம் எரியவிடுங்கள். மேலே வெள்ளைக் கூழ் போலத் திரள்வது இறைச்சிப் புரதம்தான், கெட்டுப்போனதன் அடையாளமில்லை. அது நிறைய வந்தால் கூடுதலாக வெந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டியதும் சாறெல்லாம் பலகையில் ஓடுகிறது

ஆறவிடவில்லை. ஓவனிலிருந்து வந்த உடனே உள்ளிருக்கும் சாறு தண்ணீர் போல இளகியிருக்கும். சூடு கொஞ்சம் தணியும்போது அதில் கரைந்துள்ள புரதமும் ஜெலற்றினும் அதைத் தடிப்பாக்கும், நாரும் தளரும். 2 சென்ரிமீற்றருக்கு ஐந்து நிமிடம், 3 சென்ரிமீற்றருக்கு எட்டு நிமிடம் போதும். சூடான தட்டிலேயே விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அடிப்பக்கம் வெந்துகொண்டே இருக்கும். அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போடலாம். இறுக்கிச் சுற்றினால் சூடு ஐந்தாறு பாகை ஏறி, ஆவியில் மேற்பரப்பும் நனைந்துவிடும். பாத்திரத்தில் தேங்கும் சாற்றை வீசாதீர்கள், வெட்டிய துண்டுகளின் மேல் ஊற்றுங்கள். நாருக்குக் குறுக்காக வெட்டுங்கள்.

சாறு இருக்கிறது, ஆனாலும் ரப்பர் போலக் கடிபடுகிறது

எல்லாம் சரியாகச் செய்தும் சில துண்டுகள் நறுக் நறுக்கென்று, அரைவேக்காட்டுக் காய் போலக் கடிபடும். இதில் சமைத்தவரின் பிழை இல்லை. வேகமாக வளரும் பெரிய புறொய்லர்களின் நெஞ்சுத் தசை சிலவேளை கட்டையாக இறுகிவிடுகிறது. பச்சையாக இருக்கும்போதே இதைக் கண்டுகொள்ளலாம். விரலால் அழுத்தினால் நல்ல துண்டு மெத்தென்று அமிழும், இது மரம் போல நிற்கும். தோள் பக்கம் மேடாக, மேலே வெள்ளைக் கோடுகள் ஓடியிருக்கும். கோடு மட்டும் இருந்து தசை மென்மையாக இருந்தால் வாங்கலாம், விறைப்பாக இருந்தால் வேண்டாம். கோழிக்கடையில் 200, 250 கிராம் அளவுத் துண்டுகளைக் கேட்டு வாங்குவது இந்தத் தொல்லையைக் குறைக்கும்.

தெரியாமல் வாங்கிவிட்டால் அதை ஓவனுக்குக் கொடுக்காதீர்கள். பொடியாக வெட்டியோ அரைத்தோ கட்லட், ரோல்ஸ் உள்ளீட்டுக்குப் பயன்படுத்தினால் விறைப்பு தெரியாது. நாட்டுக்கோழியின் நெஞ்சுக்கும் இந்த முறை ஒத்துவராது. அதன் தசை வயதில் முதிர்ந்தது, குழம்பில் நீண்ட நேரம் வேக வேண்டியது.

மிஞ்சியதை மறுநாள் சூடாக்கினால் காய்ந்துவிடுகிறது

ஏற்கெனவே 74 பாகையைப் பார்த்த இறைச்சியை மீண்டும் ஓவனில் வைத்தால் அது இரண்டாவது தடவை நீரை இழக்கும். முழுத்துண்டாகவே பிரிட்ஜில் வைத்து, சாப்பிடும் நேரத்தில் மெல்லிய துண்டுகளாக வெட்டி, கொதிக்கும் சொதியிலோ குழம்பிலோ போட்டு, ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கி இறக்குங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. வெளியில் 32 பாகையைத் தாண்டும் நாட்களில் அது ஒரு மணி நேரம்தான்.